மாதம் 9.90 வெள்ளி: நான்காம் ஆண்டில் வரும் பில்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இன்று சொந்த அகப்பக்கம் வைத்திருப்பவர்களைக் கணக்கெடுத்தால் பெரிய நிறுவனங்கள் குறைவாகத்தான் இருக்கும். கல்யாணச் சமையல்காரர், பந்தல் அலங்காரம் செய்பவர், மின்மினிப் பூச்சி பார்க்க வருவோருக்கு அறை வாடகைக்கு விடுபவர், தோட்டத்து ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் என்று சிறிய கைகள்தான். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டவர்கள் திருவிழாத் தேதியையும் பலகார விலையையும் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். அதனால் ஒரு பெயரும் அந்தப் பெயருக்கு ஓர் இடமும் தேவைப்படுகின்றன. பெயர் என்பது டொமைன், இடம் என்பது ஹோஸ்டிங். இரண்டையும் சேர்த்து மாதம் பத்து வெள்ளிக்குள் தருவதாக விளம்பரம் வரும்போது யாரும் அதிகம் யோசிப்பதில்லை. புதுப்பிக்கும் பில் மூன்று, நான்கு மடங்காக வரும்போதுதான் ஏமாந்துவிட்டோமோ என்ற கேள்வி எழுகிறது.

ஏமாற்று என்று சட்டப்படி சொல்வது கடினம். புதுப்பிப்பு விலை பெரும்பாலும் வாங்கும் பக்கத்திலேயே இருக்கும், சிறிய சாம்பல் எழுத்தில் அல்லது நிபந்தனைப் பக்கத்தின் நடுவில். கேட்க வேண்டிய கேள்வி வேறு. முதல் விலை ஏன் அவ்வளவு குறைவு? இரண்டாம் விலை ஏன் அவ்வளவு அதிகம்? இவற்றில் எது உண்மையான விலை?

டொமைனுக்கு இதைச் சொல்வது எளிது, ஏனென்றால் அதன் மொத்த விலை ஊரறிந்தது. .com பெயர்கள் அத்தனையையும் நிர்வகிப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். நமக்கு விற்கும் கடைக்காரர், அதாவது ரிஜிஸ்ட்ரார், ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டுகிறார். 2012 முதல் 2021 வரை அந்தத் தொகை 7.85 அமெரிக்க டாலராக நின்றது. பிறகு நான்கு முறை ஏறி 2024 செப்டம்பர் 1இல் 10.26 டாலர் ஆனது. இதோடு டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்புக்கு 20 சென்ட் சேர்கிறது. ஒரு டாலர் 4.20 வெள்ளி என்று வைத்தால் ஒரு .com பெயரின் அடக்க விலை ஏறத்தாழ 44 வெள்ளி. ஆகவே ஐந்து வெள்ளிக்கு .com தருபவர் முதல் ஆண்டில் கைக்காசு போடுகிறார். 85 வெள்ளிக்குப் புதுப்பிப்பவர் அதை மீட்டு எடுக்கிறார். 50, 60 வெள்ளி கேட்பவர்தான் நேரான வியாபாரம் செய்கிறார். இந்த 44 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் ஒரு பார்வையில் எடை போடலாம்.

.com பெயருக்கு மொத்த விலையில் ஓர் உச்சவரம்பு உண்டு. .store, .online, .site, .xyz போன்ற புதிய வால்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே முதல் ஆண்டுத் தள்ளுபடியைக் கொடுப்பது பல சமயம் கடைக்காரர் அல்ல, மொத்த வியாபாரியே. அதனால்தான் எந்தக் கடைக்குப் போனாலும் .store ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு எந்தக் கடைக்கு மாற்றினாலும் விலை இருநூறு வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. .com பெயரின் விலை பிடிக்கவில்லை என்றால் கடையை மாற்றித் தப்பிக்கலாம். புதிய வால்களில் கடையை மாற்றினாலும் பெரிய லாபம் இல்லை, பெயரையே விட வேண்டியிருக்கும். பலகாரக் கடைக்கு .store பொருத்தமாகத்தான் தெரியும். பெயர்ப்பலகையிலும் டப்பா ஸ்டிக்கரிலும் அச்சடித்த பிறகு அதை விடுவது யாருக்கும் எளிதல்ல. ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. புதுப்பிப்பு மொத்த விலையை ஏற்றும் முன் மொத்த வியாபாரிகள் கடைக்காரர்களுக்கு 180 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய மொத்த விலையிலேயே பத்து ஆண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம்.

சங்கங்களும் ஆலயங்களும் விரும்பும் .org பெயருக்கும் 2019 ஜூன் வரை உச்சவரம்பு இருந்தது. எதிர்ப்பு ஆயிரக்கணக்கில் வந்தும் ஐகான் அதை நீக்கிவிட்டது. .my, .com.my பெயர்கள் ஐகான் விதிகளுக்குள் வருவதில்லை. அவை மைநிக் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, .com.my கேட்பவர் மலேசியாவில் வணிகப் பதிவு காட்ட வேண்டும். பதிவுப் பத்திரம் உள்ள கடைக்கு அது நல்ல தேர்வு. புதுப்பிப்பு விலையை மட்டும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹோஸ்டிங்குக்கு இப்படி ஓர் அடக்க விலையைக் காட்ட முடியாது. ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் குடிவைக்கிறார்கள். நம் பலகாரக் கடைப் பக்கம் அதில் ஓர் ஓரத்தில் கிடக்கும். சர்வரைவிட அதிகச் செலவு பிடிப்பது ஆள் பிடிக்கும் வேலைதான். ஒரு புதிய வாடிக்கையாளரைக் கூட்டி வருபவருக்கு ஐம்பது முதல் நூறு டாலர் வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் தரகு தரும் நிறுவனங்கள் உண்டு. ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ என்று வரிசைப்படுத்தும் பக்கங்கள் இந்தத் தரகில்தான் வாழ்கின்றன, வரிசையை அந்தக் கண்ணோடு படிப்பது நல்லது. முதல் ஆண்டில் நாம் கொடுப்பது தரகுக்கே போதாது, மீதியைத் தங்கிவிட்டவர்களிடம் எடுக்கிறார்கள். மென்பொருள் செலவும் சேர்ந்தது. பெரும்பாலான ஹோஸ்டிங்கில் நாம் பார்க்கும் சீபேனல் 2019இல் சர்வருக்கு ஒரு விலை என்பதை விட்டுக் கணக்குக்கு ஒரு விலை என்று மாறியது. அதன் பிறகு கட்டணம் பல முறை ஏறியது. புதியவருக்கான விளம்பர விலையில் அந்த ஏற்றம் தெரியாது, பழைய வாடிக்கையாளரின் பில்லில்தான் இறங்கும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பெஸ்தாரி ஜெயாவில் தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கும் ஒரு வீட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை, விகிதம் சந்தையில் காண்பதுதான். விளம்பரம் ‘மாதம் 9.90 வெள்ளி, .com இலவசம்’ என்கிறது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் அந்த விலை 36 மாதத்தை மொத்தமாகக் கட்டுபவருக்கு மட்டும்தான். 9.90 பெருக்கல் 36, 356.40 வெள்ளி. சேவை வரி 8 விழுக்காடு, அதுவும் சேர்ந்து 384.91. (வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கும் 2020 முதல் இந்த வரி உண்டு. 6 ஆக இருந்தது 2024 மார்ச்சில் 8 ஆனது. விளம்பர விலையில் வரி அநேகமாகச் சேர்ந்திருக்காது.) இலவச டொமைன் ஓராண்டுக்குத்தான். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் அது தனியாக 85 வெள்ளிக்குப் புதுப்பிக்கப்படுகிறது, வரியோடு 183.60. ஆக மூன்று ஆண்டுக்கு 568.51 வெள்ளி.

நான்காம் ஆண்டில் ஹோஸ்டிங் மாதம் 36.90 என்று ஏறுகிறது. ஆண்டுக்கு 442.80, டொமைன் 85, வரி சேர்த்து 570.02. முதல் மூன்று ஆண்டுக்குக் கொடுத்ததை இப்போது ஒரே ஆண்டில் கொடுக்கிறார். அப்படியே ஐந்து ஆண்டு இருந்தால் மொத்தம் 1,708.55.

பக்கத்திலேயே இன்னொரு நிறுவனம், தள்ளுபடி எதுவும் இல்லாமல் மாதம் 18 வெள்ளி, முதல் நாளும் அதே விலை, ஐந்தாம் ஆண்டும் அதே விலை என்று வைப்போம். டொமைன் வேறு கடையில் ஆண்டுக்கு 55. வரியோடு ஆண்டுக்கு 292.68, ஐந்து ஆண்டுக்கு 1,463.40. நேர்மையான விலைதான் மலிவு என்று இங்கே முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் கணக்கு அதோடு நிற்கவில்லை. முதல் மூன்று ஆண்டை மட்டும் பார்த்தால் விளம்பர விலைக்காரர் 568.51 கொடுத்திருக்கிறார், மற்றவர் 878.04. அதாவது தள்ளுபடி உண்மையான தள்ளுபடிதான். மூன்று ஆண்டு முடிந்ததும் எழுந்து 18 வெள்ளி இடத்துக்குப் போனால் ஐந்து ஆண்டுச் செலவு 1,153.87 மட்டுமே. மூன்று வழிகளிலும் இதுதான் குறைவு.

இதிலிருந்து என் முடிவு, முதல் விலையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வெளியேற முடியாமல் போவதற்குத்தான் பயப்பட வேண்டும். உயர்ந்த விலை, மாற முடியாதவர்களுக்கும் மாற நேரமில்லாதவர்களுக்கும் போட்ட விலை. பலகாரக் கடைக்காரர் ஆர்டர் வருமுன் பக்கம் தயாராக வேண்டுமென்று செப்டம்பரில் வாங்குகிறார். எனவே காலாவதியும் செப்டம்பரில்தான் வரும். எண்ணெயிலும் மாவிலும் பணம் முடங்கி, இரவு பகலாக அடுப்படியில் நிற்கும் அந்த மாதத்தில் ஹோஸ்டிங் மாற்ற யாருக்கு நேரம் இருக்கும்? கார்டில் இருந்து பணம் போய்விடும். பல நிறுவனங்கள் முடிவு நாளுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பணத்தை எடுத்துவிடுகின்றன. 30 நாளில் பணம் திருப்பித் தரும் வாக்குறுதி பெரும்பாலும் முதல் கொள்முதலுக்கு மட்டுமே. ஆகவே நாள்காட்டியில் குறிக்க வேண்டியது காலாவதித் தேதி அல்ல, அதற்கு மூன்று மாதம் முந்திய தேதி. செப்டம்பர் காலாவதிக்கு ஜூனில் வேலை தொடங்க வேண்டும்.

ஜூனில் என்ன செய்வது? முதலில் டொமைன். அதை ஹோஸ்டிங் இருக்கும் கடையிலிருந்து பிரித்துத் தனிக் கடையில் வைப்பதுதான் முதல் வேலை, ஏனென்றால் பெயர் நம் கையில் இருந்தால் இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய கடையின் பக்கத்தில் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டைக் கேட்க வேண்டும். தானே எடுக்க வழி இல்லையென்றால், கேட்ட ஐந்து நாளுக்குள் அதைத் தர வேண்டும் என்பது ஐகான் விதி. புதிய கடையில் அந்தக் குறியீட்டைப் போட்டு ஓராண்டுக் கட்டணம் கட்டினால், அந்த ஓராண்டு இருக்கும் காலாவதித் தேதியோடு கூடும். ஜூனிலேயே மாற்றினாலும் மீதி மூன்று மாதம் வீணாகாது. இது தெரியாமல் ‘முடியட்டும், பிறகு மாற்றலாம்’ என்று காத்திருப்பவர்கள்தான் சிக்குகிறார்கள். காலாவதியான பிறகு பழைய கடையில் புதுப்பித்து, 45 நாளுக்குள் மாற்றினால், அந்தப் புதுப்பித்த ஆண்டு கூடாமல் போய் இரண்டு இடத்தில் பணம் கட்டியதாகிவிடும்.

இன்னொரு பூட்டும் உண்டு. பதிவு செய்த முதல் 60 நாளும், ஒரு முறை மாற்றிய பின் 60 நாளும் மீண்டும் மாற்ற முடியாது. உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினாலும் பல கடைகளில் அதே 60 நாள் பூட்டு விழும். ஆலய நிர்வாகங்கள் இதில் அடிக்கடி மாட்டும். ஆண்டுக் கூட்டத்தில் புதிய செயலாளர் வருகிறார், டொமைன் பழைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் கிடக்கிறது. பெயரை மாற்றிவிட்டுக் கடையை மாற்றலாம் என்று நினைத்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் காலாவதி. முதலில் கடையை மாற்றிவிட்டுப் பெயரைப் பிறகு மாற்றுவது உத்தமம்.

காலாவதி எப்போது என்று `lookup.icann.org` பக்கத்தில் யாரும் பார்க்கலாம். கணினியில் கட்டளை தெரிந்தவர்கள் இப்படிக் கேட்கலாம்:

```
whois example.com
```

வரும் பதிலில் `Registry Expiry Date` என்ற வரியைப் பார்ப்பவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. .com பெயர் காலாவதியான மறுநாள் அந்த வரி தானாகவே ஓராண்டு முன்னே தாவிவிடும். மொத்த வியாபாரி கணக்கில் அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறது, நாம் பணம் கட்டியதாக அர்த்தமில்லை. பக்கத்தில் `autoRenewPeriod` என்று இருந்தால், கடைக்காரரின் கணக்குக்குள் போய்ப் பணம் கட்டியாகிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த நிலையில் விட்டால், கடை அந்தப் பெயரை நீக்கியதும் `redemptionPeriod` வரும், 30 நாள். அப்போது மீட்கச் சாதாரணக் கட்டணத்தோடு பல நூறு வெள்ளி அபராதமும் சேரும். காலாவதிக்கு முன் இரண்டு முறை, சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், கடைக்காரர் நினைவூட்ட வேண்டும். பின்னர் ஐந்து நாளுக்குள் இன்னொரு முறை. அந்த நினைவூட்டல் பழைய செயலாளரின் பெட்டிக்குப் போனால் என்ன பயன்? எனக்கு எது முக்கியம் என்று கேட்டால், ஹோஸ்டிங்கின் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடலாம், டொமைனுடையதை அணைக்க வேண்டாம் என்பேன். ஹோஸ்டிங் போனால் நகல் இருந்தால் வேறிடத்தில் போடலாம். பெயர் போனால் வேறொருவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது ஹோஸ்டிங். நகல் எடுப்பது இரு பகுதி, கோப்புகள் ஒன்று, தரவுத்தளம் மற்றது. வேர்ட்பிரஸ் பக்கத்தில் கோப்புகளை மட்டும் எடுத்தால் படங்கள் இருக்கும், எழுதியது எதுவும் இருக்காது. புதிய இடத்தில் ஏற்றி, தற்காலிக முகவரியில் எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே பெயரைத் திருப்ப வேண்டும். பழைய கணக்கை ஒரு வாரமாவது உயிரோடு வைத்திருங்கள். எல்லாரும் மறப்பது மின்னஞ்சல். கடைப் பெயரில் வரும் மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கிலேயே தங்கியிருந்தால், கணக்கை மூடிய அன்று பழைய கடிதங்களும் போகும். நேம்சர்வரை மட்டும் மாற்றி `MX` பதிவை எழுத மறந்தால், பக்கம் நன்றாக வரும், ஆர்டர் மின்னஞ்சல் ஒன்றும் வராது. இரண்டு நாளாக ஒரு கடிதமும் இல்லை என்றால் வியாபாரம் மந்தம் என்று நினைக்காமல் இதைச் சோதிக்கலாம்.

மாற முடியாத ஓர் இடமும் உண்டு. இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் கருவிகள் பலவற்றில் கட்டிய பக்கத்தை வெளியே எடுக்கவே வழி இல்லை. எழுத்தையும் படத்தையும் கையால் நகலெடுத்து மறுபடி கட்ட வேண்டும். அப்படிக் கட்டியவருக்குப் புதுப்பிப்பு விலைதான் உண்மையான விலை. வாங்குமுன் ‘ஏற்றுமதி செய்யலாமா’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

வாங்கும்போது கூடைக்குள் தானாக விழும் சில்லறைகளையும் பார்க்க வேண்டும். எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், லெட்ஸ் என்க்ரிப்ட் பல ஆண்டுகளாக அதை இலவசமாகத் தருகிறது. உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவைக்கும் இப்போது பெரிய தேவை இல்லை. 2018 மே மாதம் ஐரோப்பியச் சட்டம் வந்ததிலிருந்து பெரும்பாலான கடைகள் தனிநபர் விவரத்தைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன. ‘இலவச’ டொமைனிலும் ஒரு கொக்கி உண்டு. ஹோஸ்டிங்கைத் திருப்பிக் கொடுத்தால் டொமைனின் முழு விலையைக் கழித்துக்கொண்டுதான் பணம் வரும்.

உண்மையில் பலகார விலைப்பட்டியலும் தொலைபேசி எண்ணும் திருவிழாத் தேதியும் மட்டும் உள்ள பக்கத்துக்கு ஹோஸ்டிங் வாங்கவே தேவையில்லை. கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இடங்களில் அசையாப் பக்கத்தை இலவசமாக வைத்து, சொந்த டொமைனை அதற்குக் காட்டலாம். செலவு டொமைன் மட்டும், ஆண்டுக்கு 50, 60 வெள்ளி. ஆனால் பக்கத்தை மாற்றக் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையாக இருக்கும், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, பணம் போன பிறகு என்ன வழி? முதலில் கணக்கில் ரத்துப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பல நிறுவனங்களில் அந்த இடத்தில்தான், தங்கினால் இவ்வளவு குறைக்கிறோம் என்று ஒரு விலை எட்டிப் பார்க்கும். ஆன்லைன் உதவியாளரிடம் போட்டி நிறுவனத்தின் விலையைச் சொல்லிக் கேட்டாலும் சில சமயம் குறைப்பார்கள். நாட்டில் பயனீட்டாளர் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் சட்டம் பயனீட்டாளர் என்று சொல்வது, சொந்த, குடும்ப, வீட்டு உபயோகத்துக்காகச் சாதாரணமாக வாங்கப்படும் பொருளையும் சேவையையும் வாங்குபவரை. கடைக்காக வாங்கிய ஹோஸ்டிங்கை அதில் பொருத்துவது சிரமம். நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பை நிறைவேற்றுவது அதைவிடச் சிரமம். வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்டாலும், புதுப்பிப்பு விலை நிபந்தனையில் இருந்ததை நிறுவனம் காட்டினால் அதோடு முடிந்தது. அதனால் வாங்கும் அன்று பணம் கட்டும் பக்கத்தையும் புதுப்பிப்பு விலை எழுதிய வரியையும் படமெடுத்து, ரசீதோடு கணக்குக் கோப்பில் வைப்பது நல்லது. மூன்று ஆண்டு கழித்து வரும் பில் அந்த வரியில் இருந்ததைவிட அதிகமாக இருந்தால், அப்போதுதான் வாதாட நம்மிடம் ஏதாவது இருக்கும்.